‘மூச்சு விடுங்கள்’ என்றால் எந்தத் திசையில்?
இன்ஹேலர், ஸ்பேசர் துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மாத்திரையை எப்படி விழுங்கினாலும் அது வயிற்றைச் சென்றடைந்துவிடும். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் இன்ஹேலர் மருந்து அவ்வாறன்று. நோயாளி மூச்சை எப்போது இழுக்கிறார், எவ்வழியாக இழுக்கிறார், எவ்வளவு வேகத்தில் இழுக்கிறார் என்பதைப் பொறுத்தே அது நுரையீரலை அடைகிறது. அழுத்தினால் பீச்சும் இன்ஹேலரைச் சரியான முறையில் பயன்படுத்தினாலும், பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மருந்துதான் நுரையீரலுக்குள் செல்கிறது. மீதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. முறை தவறினால் அந்தச் சிறு பங்கும் கிடைப்பதில்லை. இன்ஹேலர் பயன்படுத்துவோரில் 70 முதல் 80 விழுக்காட்டினர் வரை அதனைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ‘ஜினா’ கூறுகிறது.

இன்ஹேலருடன் ஒரு துண்டறிக்கையும் வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்பட்டதாகும். ஆங்கிலத்தில் ‘ப்ரீத் இன்’, ‘ப்ரீத் அவுட்’ என்னும் இரண்டு சொற்றொடர்களும் மூச்சின் திசையைத் தாமே சொல்லிவிடுகின்றன. தமிழில் நாம் அன்றாடம் வழங்கும் மூச்சுச் சொற்கள் பலவற்றில் திசை இல்லை. துண்டறிக்கையைத் தமிழாக்கும்போது பிழை நுழையும் இடம் பெரும்பாலும் இதுவே. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும், கையில் உள்ள துண்டறிக்கையைத் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்வதற்கு உதவியாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விடு, இழு, வாங்கு, ஊது

‘மூச்சு விடுங்கள்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி பார்த்தால் இது வெளியே விடுவதைக் குறிக்க வேண்டும். ஆனால் ‘மூச்சு விடவே முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால், வெளியே விட முடியவில்லை என்று மட்டும் நாம் பொருள் கொள்வதில்லை. சுவாசிக்கவே சிரமப்படுகிறார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். ஆகவே ‘நன்றாக மூச்சு விடுங்கள்’ என்று எழுதினால், படிப்பவர் நெஞ்சு நிறைய இழுத்து விடுகிறார். சிலர் இழுத்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் படியில் நாம் வேண்டியதோ, நுரையீரலில் உள்ள காற்றைக் கூடுமானவரை வெளியேற்றி, மருந்து வருவதற்கு இடம் செய்வதாகும். நெஞ்சு ஏற்கெனவே காற்றால் நிறைந்திருந்தால், அடுத்து இழுக்கும் மூச்சு மிகக் குறுகியதாகவே இருக்கும். மருந்து தொண்டையைத் தாண்டாது.

‘இழு’ என்பதற்கும் ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியில் ஆஸ்துமாவையே ‘இழுப்பு’ என்பார்கள். ‘குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது’ என்றால் அது நோயின் அறிகுறி. எனினும் செயலைக் குறிக்க இச்சொல்லை விட்டால் எளிய மாற்று இல்லை. ‘உள்ளே’ என்ற சொல்லைச் சேர்த்து ‘மூச்சை உள்ளே இழுங்கள்’ என்று எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ‘மூச்சு வாங்கவும்’ என்ற தொடரோ தவிர்க்கப்பட வேண்டியது. மூச்சு வாங்குவது என்றால் மாடிப்படி ஏறியவர் இளைப்பதே நம் நினைவுக்கு வருகிறது. ‘சுவாசிக்கவும்’ என்பது எழுத்தில் கண்ணியமாகத் தோன்றினும் உள்ளேயா வெளியேயா என்று அதுவும் சொல்வதில்லை.

‘உறிஞ்சுங்கள்’ என்று எழுதுவோரும் உளர். இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சும்போது கன்னம் குழிகிறது, நெஞ்சு விரிவதில்லை. இன்ஹேலரையும் அவ்வாறே உறிஞ்சினால் மருந்து வாயோடு நின்றுவிடும்.

‘ஊதுங்கள்’ என்னும் சொல்லும் இன்ஹேலர் துண்டறிக்கையில் இடம்பெறலாகாது. நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை அறையில் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க’ என்றுதான் ஊழியர்கள் சொல்கிறார்கள். அங்கு அது சரியே. அச்சோதனையை முடித்துக்கொண்டு வந்தவர், அதே வேகத்தில் இன்ஹேலருக்குள்ளும் ஊதிவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒன்று உண்டு. ‘மூச்சை உள்ளே இழுங்கள்’ என்று சொன்னால், பெரும்பாலோர் மூக்கால் இழுப்பார்கள். இது இயல்பே. வாயில் இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு மூக்கால் இழுப்பவருக்கு மருந்து நாக்கின் மேல் படிந்து கசக்கும், நுரையீரலுக்குப் போகாது. ஆங்கிலத் துண்டறிக்கைகள் சிலவற்றில் ‘வாய் வழியாக’ என்னும் சொல் இருப்பதில்லை. தமிழாக்கத்தில் அதனைச் சேர்த்தாக வேண்டும்.

மூச்சின் மூன்று நிலைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. உள்ளிழுப்பதைப் பூரகம், அடக்குவதைக் கும்பகம், வெளிவிடுவதை இரேசகம் என்று திருமந்திரம் முதலிய யோக நூல்கள் வகுத்துரைக்கின்றன. திசையை இவை ஐயமின்றிக் காட்டினும், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு எழுந்தவருக்கு இச்சொற்கள் உதவா. ஆகவே ‘உள்ளே இழுங்கள்’, ‘பிடித்து வையுங்கள்’, ‘வெளியே விடுங்கள்’ என்னும் மூன்றையே நாங்கள் கொண்டிருக்கிறோம். ‘பிடித்து வையுங்கள்’ என்பதைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. எக்ஸ்ரே அறையில் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும். ‘மூச்சை நிறுத்துங்கள்’ என்று எழுதலாகாது. மூச்சு நின்றது என்றால் நம் வழக்கில் உயிர் பிரிந்தது என்று பொருள். முதியவர்கள் அந்தத் தொடரைக் கேட்டவுடன் தயங்குகிறார்கள்.

‘அழுத்தி இழுக்கவும்’ என்பதில் உள்ள பிழை

அடுத்த இடர்ப்பாடு, செயல்களின் வரிசையில் உள்ளது. தமிழில் பல செயல்களை ஒரே வாக்கியத்தில் கோப்பது எளிது: ‘குலுக்கி, வாயில் வைத்து, அழுத்தி, இழுத்து, அடக்கி, விடவும்’. எழுதுபவருக்கு இது சுருக்கமாகத் தோன்றும். ஆனால் ‘அழுத்தி இழுக்கவும்’ என்றால் முதலில் அழுத்த வேண்டும், அது முடிந்த பின்னர் இழுக்க வேண்டும் என்றே பொருள்படும்.

ஸ்பேசர் இல்லாமல் பயன்படுத்தும் இன்ஹேலருக்கு இது தவறு. அழுத்திய கணத்திலேயே மருந்து மிகுந்த வேகத்தில் வெளிப்பட்டுத் தொண்டையின் பின்புறத்தில் மோதிவிடுகிறது. மூச்சு அதற்குச் சற்று முன்னதாகவே உள்நோக்கி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே ‘மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்குங்கள், இழுத்துக்கொண்டே ஒருமுறை அழுத்துங்கள், அழுத்திய பின்னும் தொடர்ந்து இழுங்கள்’ என்று எழுத வேண்டும். ‘கொண்டே’ என்னும் சிறு சொல்தான் இரண்டு செயல்களும் ஒரே வேளையில் நிகழ வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

ஸ்பேசர் இருந்தால் நிலைமை மாறுகிறது. ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தப்படும், மருந்து சற்று நேரம் தங்கும் குழாய். அழுத்தியவுடன் மருந்து அதனுள் நிறைகிறது, வேகம் தணிகிறது, பெரிய துளிகள் குழாயின் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. எனவே இங்கே ‘அழுத்துங்கள், உடனே இழுங்கள்’ என்பதே சரி. ஆயினும் ‘உடனே’ என்பதை விட்டுவிடக் கூடாது. சில நொடிகள் தாமதித்தாலும் மருந்தில் ஒரு பகுதி சுவரில் படிந்து வீணாகிவிடும்.

இவ்வாறு ஒரே இன்ஹேலருக்கு ஸ்பேசருடன் ஒரு வரிசையும் ஸ்பேசரின்றி வேறொரு வரிசையும் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே துண்டறிக்கை எழுத இயலாது. உங்கள் கையில் உள்ள தாளின் தலைப்பில், அது எதற்குரியது என்று எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள்.

ஒரு வாக்கியம், ஐந்து தவறுகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கும் வேலை செய்யும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எங்களிடம் வந்தார். காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப் என்று நோய்த்தடுப்பு இன்ஹேலரை இரண்டு மாதங்களாகத் தவறாமல் எடுத்துவந்தார். ஆயினும் வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் இருமலால் விழித்துக்கொண்டார். இத்தகைய நிலையில் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், அதனை அவர் எப்படி எடுக்கிறார் என்று பார்ப்பதே முறை. உடன் வந்த மகளிடம், வீட்டில் வைத்திருந்த தமிழ்த்தாளை உரக்கப் படிக்கச் சொன்னோம்; தந்தையை அதன்படி செய்யச் சொன்னோம். தாளில் இருந்த வாக்கியம் இது:

‘நன்கு மூச்சு விட்டு, வாய்ப்பகுதியை வாயில் வைத்து, மருந்தை அழுத்தி, ஆழ்ந்து சுவாசித்து, மூச்சை நிறுத்தி வைக்கவும். இரண்டு முறை.’

‘நன்கு மூச்சு விட்டு’ என்றதும் அவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டார். ‘அழுத்தி’ என்றதும் அழுத்தினார். அப்போது அவர் மூச்சு எத்திசையிலும் ஓடவில்லை. ‘ஆழ்ந்து சுவாசித்து’ என்றதும் மூக்கால் இழுத்தார். வாயோரத்தில் வெண்புகை போல மருந்து வெளியே வந்தது. ‘நிறுத்தி’ என்றபோது ஒரு நொடி நின்றுவிட்டு உடனே மூச்சை விட்டார். ‘இரண்டு முறை’ என்றதும் இன்ஹேலரைக் குலுக்காமல் அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினார். தாளில் சொன்னபடியே அவர் செய்தார். தாள்தான் அவருக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

அவருக்கு ஸ்பேசர் ஒன்றைத் தந்து, வாக்கியத்தைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து எழுதினோம். ஒரு வரிக்கு ஒரு செயல் மட்டுமே. மகள் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். மூச்சின் திசை, வழி, வேகம் மூன்றும் சரியாக அமைந்தன. எஞ்சியது ஒன்றுதான்: இரண்டு பஃப் என்பதால் ஸ்பேசருக்குள் இரண்டு தடவை அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுத்தார். அவ்வாறு செய்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பருத்துச் சுவரில் படிகின்றன; இரண்டு பஃபுக்குரிய மருந்து கிடைப்பதில்லை. ஆகவே ‘ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள்’ என்ற வரியையும், இரண்டாவது பஃபுக்கு ‘மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்’ என்ற வரியையும் சேர்த்தோம். ஆறு வாரங்களுக்குப் பின் வந்தபோது இரவு இருமல் அரிதாகிவிட்டிருந்தது. மருந்தின் அளவைக் கூட்ட நேரவில்லை.

‘முறை’ என்னும் சொல்லையும் இவர் நிலையிலிருந்து பாருங்கள். ‘இரண்டு முறை’ என்பது இரண்டு பஃபா, நாளில் இரண்டு வேளையா என்பது விளங்காது. ‘காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப்’ என்று வேளையைப் பெயர் சொல்லி எழுதுவதே ஐயத்துக்கு இடமளிக்காது.

மெதுவாகவா, வேகமாகவா?

நம் பகுதியில் பலர் ரோட்டாஹேலர் என்னும் கருவியையும் பயன்படுத்துகிறார்கள். இதில் கேப்சூலுக்குள் இருக்கும் உலர்ந்த மருந்துப்பொடியை மூச்சின் விசைதான் மேலெழுப்பி உள்ளே கொண்டுசெல்கிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அழுத்திப் பீச்சும் இன்ஹேலருக்கோ மூன்று முதல் ஐந்து நொடி வரை நீளும் மெதுவான மூச்சு வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும்.

இரண்டுக்கும் ‘ஆழ்ந்து இழுக்கவும்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் தமக்குப் பழகிய வேகத்தையே கொள்வார். ஆகவே ஒன்றில் ‘மெதுவாக’ என்றும் மற்றதில் ‘வேகமாக, பலமாக’ என்றும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டு கருவிகளையும் வைத்திருப்பவர்கள் அந்தந்தச் சொல்லைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ரோட்டாஹேலருக்கு இன்னொரு வரியும் தேவை: ‘மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கிப் பிடியுங்கள்’. வாயின் ஈரம் பட்டால் பொடி கட்டிபட்டுவிடும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியின் ஈரக்காற்றும் அதற்குத் துணைபோகும். எனவே கேப்சூலைப் பயன்படுத்தும் வேளையில் மட்டுமே டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். இழுத்து முடித்தபின் கருவியைத் திறந்து பாருங்கள். பொடி எஞ்சியிருந்தால் மீண்டும் ஒருமுறை இழுக்க வேண்டும். கேப்சூலை விழுங்குவதற்கென்று எண்ணிவிடக் கூடாது.

பத்து வரை எண்ணுவது யார்?

மருந்து உள்ளே சென்றபின் பத்து நொடி மூச்சைப் பிடித்து வைத்தால், நுண்துளிகள் மூச்சுக்குழாய்களில் படிய நேரம் கிடைக்கும். ‘பத்து வரை எண்ணுங்கள்’ என்று எழுதினால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. வாய்விட்டு எண்ணுபவருக்கு ஒவ்வோர் எண்ணோடும் மூச்சு வெளியேறிவிடுகிறது. மனத்துக்குள் எண்ணுபவரோ பதற்றத்தில் மூன்று நொடிக்குள் பத்தை எட்டிவிடுகிறார். அருகில் இருப்பவர் சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டுவது நல்லது. தனியே இருப்பவர் தாமே விரல்களை மடக்கிக்கொள்ளலாம். பத்து நொடி இயலாதவர்கள் இயன்ற அளவு பிடித்தால் போதும். ‘இயன்ற வரை, பத்து நொடிக்கு மேல் வேண்டாம்’ என்று எழுதிவிட்டால் முதியவர்கள் அஞ்ச மாட்டார்கள்.

ஸ்பேசருடன் இன்ஹேலர்: பெரியவர்களுக்கான படிகள்

மேற்சொன்னவற்றை உளத்திற்கொண்டு எழுதிய படிகள் இவை. இப்பக்கத்தைக் கத்தரித்து, மருந்து வைக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

1. நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள்.
2. இன்ஹேலரின் மூடியைக் கழற்றுங்கள். வாய்ப்பகுதிக்குள் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.
3. இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள்.
4. ஸ்பேசரின் பின்புறத் துளையில் இன்ஹேலரைப் பொருத்துங்கள். மருந்துக்குப்பி மேல்நோக்கி இருக்க வேண்டும்.
5. மூச்சை மெதுவாக, முழுவதுமாக வெளியே விடுங்கள். ஸ்பேசருக்குள் விட வேண்டாம்.
6. ஸ்பேசரின் முனையைப் பற்களுக்கு இடையே வைத்து, உதடுகளால் இறுக மூடுங்கள். கடிக்க வேண்டாம். நாக்கு முனையை அடைக்கக் கூடாது.
7. மருந்துக்குப்பியை ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள்.
8. உடனே வாய் வழியாக மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். மூக்கால் இழுக்க வேண்டாம்.
9. ஸ்பேசரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாயை மூடி, மூச்சைப் பிடித்து வையுங்கள். இயன்ற வரை, பத்து நொடிக்கு மேல் வேண்டாம்.
10. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.
11. இரண்டாவது பஃப் உண்டென்றால், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, மீண்டும் மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.
12. நோய்த்தடுப்பு இன்ஹேலர் என்றால், முடிந்தபின் வாயையும் தொண்டையையும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். விழுங்க வேண்டாம்.

எட்டாம், ஒன்பதாம் படிகளைச் செய்ய இயலாத அளவுக்கு மூச்சு முட்டுபவர்கள், ஸ்பேசரை வாயிலிருந்து எடுக்காமலே ஐந்து மூச்சு இயல்பாக இழுத்து விடலாம்.

பன்னிரண்டாம் படியில் ‘துப்பிவிடுங்கள்’ என்று தனியே எழுதக் காரணம் உண்டு. தடுப்பு மருந்து வாயில் தங்கினால் நாக்கிலும் அண்ணத்திலும் வெண்மையான பூஞ்சைப் படலம் உண்டாகலாம், குரல் கம்மலாம். பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலரை எடுத்துக்கொள்வதை வழக்கமாக்கினால் கொப்பளிப்பது மறவாது.

முகமூடியுள்ள ஸ்பேசர்: சிறு குழந்தைகளுக்கு

முனையை உதடுகளால் மூடத் தெரியாத குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் தருகிறோம். ‘முகமூடியை முகத்தில் வைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மூக்கும் வாயும் இரண்டும் உள்ளடங்க, விளிம்பில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். சிறிய இடைவெளி இருந்தாலும் குழந்தை வெளிக்காற்றையே இழுக்கும். மருந்து குழாயிலேயே தங்கிவிடும்.

‘ஐந்து மூச்சு வரை வைத்திருங்கள்’ என்னும் வரியில், ஒரு மூச்சு என்பது எது என்று பெற்றோர் கேட்பார்கள். உள்ளே இழுத்து வெளியே விடுவது சேர்ந்து ஒரு மூச்சு. ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவதைப் பார்த்து எண்ணலாம். வால்வு அசையவில்லை என்றால் முகமூடி சரியாகப் படியவில்லை என்று அறியலாம். வீறிட்டு அழும் குழந்தைக்கு மருந்து நன்றாக உள்ளே செல்வதில்லை. ஆகவே மருந்தில்லாத ஸ்பேசரை முதலில் விளையாடக் கொடுத்துப் பழக்கி, மடியில் அமர்த்தி அமைதிப்படுத்தியபின் கொடுங்கள். கொடுத்து முடித்ததும் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஸ்பேசரைக் கழுவுவது பற்றிய வரியிலும் ஒரு சொல் முக்கியம். ‘சுத்தமாகத் துடைக்கவும்’ என்று எழுதலாகாது. உட்புறத்தைத் துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்தைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் தானாக உலர விட வேண்டும்.

துண்டறிக்கையை வீட்டில் சோதிக்கும் முறை

உங்களிடம் உள்ள தாள் தெளிவானதா என்று அறிய, மேலே காசிமேட்டு நோயாளிக்குச் செய்ததையே நீங்களும் செய்யலாம். ஒருவர் ஒரு வரியைப் படிக்கட்டும். நோயாளி அந்த வரி சொல்வதை மட்டும் செய்யட்டும். படிப்பவர் கையால் சைகை காட்டவோ விளக்கம் சொல்லவோ கூடாது. எந்த வரியில் நோயாளி நின்று ‘உள்ளேயா, வெளியேயா?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறி இடுங்கள். அடுத்த வருகையில் அத்தாளைக் கொண்டுவாருங்கள்; வரியைத் திருத்தித் தருவோம்.

மருந்து தவறிப்போவதை வேறு சில அடையாளங்களும் காட்டும். வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை வந்தால் மருந்து வெளியே போகிறது. நாக்கில் மிகுதியாகக் கசந்தால் அங்கேயே படிந்திருக்கிறது. சில ஸ்பேசர்கள் மூச்சை அதிவேகமாக இழுத்தால் விசில் போல ஒலிக்கும். மெதுவாக இழுக்கச் சொல்லும் எச்சரிக்கை அது. சரியாகச் செய்வதன் அறிகுறியன்று.

படம் உள்ள தாளாயின் அம்புக்குறிகளையும் பாருங்கள். வாய்க்கும் கருவிக்கும் இடையே வரைந்த அம்பு, மருந்து வரும் திசையா, மூச்சு போகும் திசையா என்று விளங்காவிட்டால் படிக்கத் தெரியாதவர் கருவிக்குள் ஊதிவிடுவார். வாயிலிருந்து நெஞ்சுக்குள் இறங்குவதாக அம்பு வரைந்திருந்தால் அக்குழப்பம் இராது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உடன் பணிபுரியும் தெலுங்கு, இந்தி, உருது பேசுவோருக்கு எங்களிடம் வேற்றுமொழித் தாள் வேண்டுமென்றால் கேளுங்கள். அதனையும் இதே முறையில் ஒருவர் படிக்க, ஒருவர் செய்ய, சோதித்தே தருவோம்.

துண்டறிக்கையால் ஆகாதவை

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சுற்றுவட்டார மக்கள் மூச்சுத்திணறலோடும் கண்ணெரிச்சலோடும் வீடுகளைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய வேளையில் இன்ஹேலர் முகக்கவசத்தின் வேலையைச் செய்யாது. வாயுவின் நெடி உள்ள இடத்திலிருந்து முதலில் அகல வேண்டும். இன்ஹேலரும் ஸ்பேசரும் உடன் வரட்டும். பாதுகாப்பான இடம் சேர்ந்தபின் நிவாரண இன்ஹேலரைப் பயன்படுத்துங்கள். ஆகவே இரண்டையும் துண்டறிக்கையோடு ஒரே பையில், இருட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ, குழந்தையின் விலாவிடுக்குகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கினாலோ, நிவாரண இன்ஹேலரை எடுத்தும் தணியாவிட்டாலோ, படிகளைச் சரிபார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிவாரண மருந்தை ஸ்பேசர் வழியாக, ஒரு நேரத்தில் ஒரு பஃப் என்ற முறையில் தொடர்ந்து கொடுங்கள்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது இன்ஹேலர், ஸ்பேசர், துண்டறிக்கை மூன்றையும் எடுத்து வாருங்கள். வீட்டில் மருந்து கொடுப்பவர் யாரோ அவரும் உடன் வரட்டும். அவர் படிக்க, நோயாளி எங்கள் முன் ஒரு பஃப் எடுத்துக் காட்டட்டும்.